ஏழு ஐதரசனா, பதினான்கா?

கல்லடியில் அறைக்குள் இருந்து ஒரு சேர்வையின் அமைப்பைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் அதன் ஐதரசன் என்.எம்.ஆர். தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூத்திரம் C8H14O4. முதல் நாள் செய்தது முட்டாள்தனம்: உச்சிகளின் உயரத்தையே அளந்தேன். 2.6 ppm இல் பிரியாமல் நின்ற ஒற்றை உச்சிதான் மிக உயரம், எனவே அதற்கே ஐதரசன் அதிகம் என்று நம்பினேன். அளக்க வேண்டியது, ஒவ்வோர் உச்சியின் பரப்புக்கும் ஏற்ப ஏறும் தொகையீட்டுக் கோட்டின் படிகளை; ஐதரசன் எண்ணிக்கையைக் காட்டுவது அந்தப் பரப்புதான்.

அவற்றை அடிமட்டத்தால் அளந்தபோது 4.1 இல் 22, 2.6 இல் 22, 1.3 இல் 33 மில்லிமீற்றர் வந்தன. விகிதம் 2:2:3, கூட்டினால் ஏழு. மீதி ஏழு ஐதரசனைத் தேடி, ஒளிந்திருக்கும் OH என்று இன்னொரு நாளை வீணாக்கினேன்.

காபன், ஐதரசன், ஒட்சிசன் மட்டுமே கொண்ட சாதாரண மூலக்கூறில் ஐதரசன் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வராது. அந்த ஏழே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும்! மொத்த உயரம் 77 ஐ 14 ஆல் வகுத்தேன்: ஓர் ஐதரசனுக்கு 5.5 மில்லிமீற்றர். படிகள் 4, 4, 6 ஆகின. எதுவும் ஒளிந்திருக்கவில்லை; மூலக்கூறின் இரு பாதிகளும் சமச்சீர். நான்காகப் பிரிந்த 4.1 உம் மூன்றாகப் பிரிந்த 1.3 உம் இரண்டு எதைல் குழுக்கள், நடுவில் ஒரே மாதிரியான இரண்டு CH2. டைஎதைல் சக்சினேற்று.