அடிக்கு ஒரு இன்ச்: பீம், தளக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரி சொல்லும் கணக்கு இரண்டு. தளம் அஞ்சு இன்ச், பீம் எத்தனை அடி நீளமோ அத்தனை இன்ச் ஆழம். இரண்டுமே அனுபவத்தில் தேறியவை, சின்ன அறைகளுக்குப் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் தளமோ பீமோ கண்ணுக்குத் தெரியும்படி தொய்யாமல் இருக்க எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை மட்டுமே இவை சொல்கின்றன. மேலே எவ்வளவு பாரம் ஏறப்போகிறது என்பது இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

11 அடிக்கு 15 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் சுவரிலோ பீமிலோ தளம் உட்கார்ந்திருக்கிறது. இங்கே பலர் 15 அடியை வைத்துக் கனம் பார்க்கிறார்கள். தளம் பாரத்தின் பெரும்பகுதியைக் குறுகிய பக்கமாகத்தான் கடத்தும், ஆகவே 11 அடிதான் கணக்கு. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி IS 456-இன்படி, குறுகிய பக்கம் 3.5 மீட்டருக்குள் இருக்கும் சாதாரண வீட்டுத் தளத்துக்கு, Fe 415 தரக் கம்பி போட்டால், அந்த அளவை 28-ஆல் வகுத்தால் போதும். தாங்கும் இடத்தையும் சேர்த்து 3.45 மீட்டர் என்று வைத்தால் 123 மில்லிமீட்டர் வருகிறது. அதுதான் நமது அஞ்சு இன்ச். 15 அடியை வைத்து வகுத்திருந்தால் ஆறரை இன்ச் ஆகியிருக்கும். கூடுதல் கனம் பலம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்றரை இன்ச் கான்கிரீட் இந்த ஒரு அறையிலேயே சுமார் ஒன்றரை டன். பீமும் தூணும் அஸ்திவாரமும் அதைக் காலமெல்லாம் சுமக்க வேண்டும்.

அஞ்சு இன்ச் போட்டுவிட்டு, கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் விடுவது அடுத்த தவறு. கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே கிடந்தால் சில ஆண்டுகளில் துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். பால்கனியில் இதற்கு நேர்மாறு. அங்கே இழுவிசை மேல்பக்கம் வரும், பிரதான கம்பியும் மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே இறக்கிவிட்டால், ஆறு இன்ச் கனம் இருந்தும் பால்கனி தொங்கும், உடைந்து விழவும் கூடும். கம்பியின் இடத்தைச் சரிபார்க்காமல் கனத்தை மட்டும் டேப் வைத்து அளப்பதில் பயனில்லை.

இனி பீம். இரண்டு 11க்கு 15 அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு, 15 அடி பீம் போட்டு ஹாலாக்க நினைக்கிறார்கள். அடிக்கு ஒரு இன்ச் என்றால் 15 இன்ச், தளத்தின் கனமும் அதற்குள்ளேயே அடக்கம். இரு பக்கத் தளத்திலிருந்தும் இந்த பீமுக்கு வரும் பாரத்தைப் பார்ப்போம். கான்கிரீட், தரை ஓடு, மனிதர்கள், சாமான் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு அறுநூறு கிலோ சொச்சம் வைத்தால், மொத்தம் ஏறக்குறைய 6 டன். இப்போது மாடியில் அதே பீமின் மேல் ஒன்பது இன்ச் செங்கல் சுவர், ஒன்பது அடி உயரத்துக்கு எழுப்புகிறார்கள். அந்தச் சுவர் மட்டுமே ஏறக்குறைய 6 டன். பாரம் இரு மடங்காகிவிட்டது, விதி மட்டும் இன்னும் 15 இன்ச் என்றே சொல்கிறது. பீமின் ஆழம், அடிக்கம்பி, தாங்கும் இடத்தருகே கம்பி வளையங்களின் நெருக்கம் மூன்றையும் மறுபடி கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும். நாலரை இன்ச் சுவராக மாற்றினாலே சுவரின் பாரம் பாதியாகக் குறையும் என்பதையும் அப்போதே யோசிக்கலாம்.

ஆகவே பீமின் மேல் சுவர் வந்தால் பொறியாளரிடம் போய்விடுங்கள். பீமின் நடுவில் தூண் ஏற்றுவதானால் கேள்வியே வேண்டாம். தளத்தின் குறுகிய பக்கம் பதினொன்றரை அடியைத் தாண்டினாலும், பீம் 15 அடியைத் தாண்டினாலும், பால்கனி மூன்று அடிக்கு மேல் நீண்டாலும், அதன் நுனியில் செங்கல் கைப்பிடிச் சுவர் வந்தாலும் அப்படியே. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு இடம் தேடும்போதும் கேளுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அளவை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், கம்பி விவரத்தோடு வரைபடம் கேளுங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கட்டிய கம்பியை நேரில் வந்து பார்க்கவும் சொல்லுங்கள். அந்த ஒரு வருகைதான் கட்டணத்தில் மிகவும் பெறுமதியானது.

கட்டி முடித்த பீமில் விரிசல் தெரிந்தால் அது போகும் திசையைக் கவனியுங்கள். நடுப்பகுதியில் அடியிலிருந்து நேராக ஏறும் மயிரிழை விரிசல் அகலமாகாமல் இருந்தால் அவசரமில்லை, காட்டிக் கேட்டால் போதும். தூணுக்குப் பக்கத்தில் சாய்வாக ஏறும் விரிசல் வெட்டுவிசையால் வருவது, முன்னறிவிப்பு அதிகம் தராமல் முறியக்கூடியது. அதைப் பூசி மறைக்காதீர்கள். மேலே இருக்கும் பாரத்தை இறக்குங்கள், அறையில் யாரையும் விடாதீர்கள், அன்றைக்கே பொறியாளரை அழையுங்கள்.