ஊருக்குப் பொல்லோ வாக்கரோ கொண்டுபோகும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஐரோப்பாவிலோ கனடாவிலோ வாங்கும் வாக்கர் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பொருந்தாமல் போவதற்கு முதற்காரணம் உயரம். அந்தக் கடைகளில் பெரியவர்களுக்கென விற்கும் பல வாக்கர்களை ஏறத்தாழ 32 அங்குலத்துக்குக் கீழே இறக்க முடியாது. எங்கள் அம்மாமார் பலர் 5 அடிக்கும் குறைவு. வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பதால் அதிலும் ஒரு அங்குலம் போய்விடும்.

ஆகவே பயணத்துக்கு முன்பே ஊரில் இருப்பவரைக் கொண்டு அளவெடுப்பியுங்கள். அம்மா வழக்கமாக நடப்பதுபோல, வெறுங்காலோடோ வீட்டுச் செருப்போடோ, சுவரருகே நிமிர்ந்து நிற்கட்டும். முழங்கையைச் சற்றுத் தளர்த்திக் கைகளைத் தொங்கவிடட்டும். மணிக்கட்டின் உட்புறச் சுருக்கத்திலிருந்து தரைவரை உள்ள தூரமே பொல்லுக்கும் வாக்கருக்கும் கைப்பிடி உயரம். முதுகு கூனியிருந்தால், அவர் இயல்பாக நிற்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்து அளந்தால் உயரம் கூடிவிடும்.

4 அடி 10 அங்குல உயரமும் வலது முழங்கால் தேய்வும் உள்ள ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இந்த அளவு 28 அங்குலம் வருகிறது. 32 அங்குல வாக்கரைப் பிடித்தால் தோள்கள் மேலே ஏறும், முழங்கை அதிகம் மடங்கும், கையை ஊன்றி உடற்பாரத்தைக் காலிலிருந்து எடுக்க முடியாது. வலி குறையாததால் சில நாட்களில் அது மூலைக்குப் போய்விடும். அவருக்கு வேண்டியது சிறு உடலினருக்கான 'ஜூனியர்' அளவு. பெட்டியில் எழுதியிருக்கும் ஆகக்குறைந்த கைப்பிடி உயரத்தைப் பார்த்தே வாங்குங்கள். சரியான உயரத்தில் முழங்கை 15 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்கும். அளவு குறைந்தால் முன்புறம் குனிய வேண்டி வரும், அதுவும் விழுத்தும்.

பொல்லு என்றால் மரப்பொல்லு வசதி, ஊரில் வைத்தே வெட்டலாம். ரப்பர் மூடியைக் கழற்றி, கைப்பிடி தரையில் படும்படி தலைகீழாக அவர் குதிக்காலருகே நிறுத்துங்கள். மணிக்கட்டுச் சுருக்கத்துக்கு நேரே கோடிட்டு, ரப்பர் மூடியின் அடித்தடிப்பையும் கழித்துவிட்டு அறுக்கலாம். வலது முழங்கால் வலிப்பவர் இடக்கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பது பலரிடம் உள்ள பழக்கம், அதை அன்பாகத் திருத்துங்கள். அதே அளவு ரப்பர் மூடிகள் இரண்டு மூன்று கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அடியில் உள்ள வளையக் கோடுகள் தேய்ந்து மழமழப்பானால், ஈரச் சீமெந்துத் தரையில் பொல்லு வழுக்கும்.

வாக்கரில் அடுத்த கேள்வி பாரம். சாதாரண அலுமினிய வாக்கர் 2.5 முதல் 3 கிலோ வரும். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டும். தோளோ மூச்சோ பலமில்லாதவருக்கு முன்காலில் இரண்டு சக்கரம் உள்ளதைத் தாருங்கள். நான்கு சக்கரமும் இருக்கையும் உள்ள வண்டி வெளிநாட்டு நடைபாதையில் அழகாக ஓடும். ஊர் முற்றத்து மணலிலோ சின்னச் சக்கரம் புதையும், பழைய வீடுகளின் நிலைப்படியில் முட்டி நிற்கும். அதன் பிரேக்கை இறுக்க விரல் வலுவும் வேண்டும். உடலை முன்னே சாய்த்து நடப்பவரிடமிருந்து அது ஓடிவிடும், அவர் முன்புறமாக விழுவார்.

சக்கர நாற்காலிக்குக் கதவுதான் முடிவு சொல்லும். உட்கார்ந்திருக்கும்போது இடுப்பின் அகலத்தை அளந்து 2 அங்குலம் கூட்டினால் இருக்கை அகலம். அந்த அம்மாவுக்கு 14 வந்தால் 16 அங்குல இருக்கை சரி. பெரியதாய் இருக்கட்டும் என்று 18 வாங்கினால் ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பார். ஆனால் கைகளால் உருட்டும் பெரிய சக்கரமுள்ள 16 அங்குல நாற்காலியின் மொத்த அகலம் ஏறத்தாழ 24 அங்குலம். கதவை முழுதாகத் திறந்து, கதவுப் பலகைக்கும் எதிர்நிலைக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். மலசலகூடக் கதவு 23 அங்குலமே விட்டால் அந்த நாற்காலி உள்ளே போகாது. நான்கும் சிறு சக்கரமான, மற்றவர் தள்ளும் நாற்காலி இதைவிட ஒடுக்கம், பாரமும் குறைவு. ஆனால் மணலில் அதைப் பின்புறமாக இழுத்துத்தான் கொண்டுபோகலாம். முற்றத்தில் அதிகம் திரிபவருக்குப் பெரிய சக்கரத்தை வாங்கி, மலசலகூடத்துக்குத் தனியாகக் கொமோட் கதிரை வைப்பது மேல்.

பயணிப்பவர் தனக்காகக் கொண்டுபோகும் நடைச்சாதனத்துக்கு விமான நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. பெற்றோருக்காக நீங்கள் எடுத்துச் செல்வது உங்கள் பொதியில் சேரலாம் என்பதால் முன்பே கேட்டுவிடுங்கள். ஊரில் பொருத்தியதும் வாக்கரின் நான்கு காலும் ஒரே துளை எண்ணில் நிற்கின்றனவா, ஒவ்வொரு பொத்தானும் துளைக்கு வெளியே முழுதாக வந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பாதி வந்த பொத்தான், பாரம் விழும்போது உள்ளே போய்விடும்.