பண்டிகை வெளியீடு: அரங்கை எண்ணாமல் காட்சியை எண்ணுங்கள்

சாதாரண வாரத்தில் திங்கட்கிழமையே சரிந்துவிடும் வசூல், பொங்கலுக்கு நான்கைந்து நாள் தொடர்ந்து விடுமுறை கிடைப்பதால் கூடுதலாகச் சில நாள்கள் தாக்குப்பிடிக்கிறது. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்க, ஓடிடி நிறுவனத்திடம் ஒப்புக்கொண்ட தேதியும் நெருங்கும்போது, படத்தைத் தள்ளிவைக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வராது. 2023 ஜனவரி 11 அன்று ‘வாரிசு’, ‘துணிவு’ இரண்டும் ஒன்றாக வெளிவந்தன. தமிழ்நாட்டிலுள்ள திரைகளைச் சரிபாதியாகப் பிரிப்பதை ஏற்காத ‘வாரிசு’ தயாரிப்பாளர் தில் ராஜு, விஜய் படத்துக்குக் கூடுதல் திரைகள் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார்.

அவர் கேட்டதில் வியாபார நியாயம் உண்டு. ஆனால் திரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதுதான் தயாரிப்பாளர் தரப்பு செய்யும் முதல் தவறு. ஒரே திரையில் ஒரு படத்துக்கு மூன்று காட்சி, இன்னொன்றுக்கு இரண்டு காட்சி என்று ஒதுக்கினால், இருவரின் பட்டியலிலும் அது ஓர் அரங்காகவே இடம்பெறும். கேட்டுப் பெற வேண்டியது காட்சிகளை. அதிலும் மாலை, இரவுக் காட்சிகளை.

திரையரங்க உரிமையாளரின் தவறு வேறு வகையானது. முதல் நாள் நெருக்கடியில், வாரம் முழுவதற்குமான காட்சிக் கணக்கை மாற்ற முடியாதபடி எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஐந்நூறு இருக்கை கொண்ட, ஒரே திரையுள்ள அரங்கை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நாளில் இரண்டாவது படத்தின் இரண்டு காட்சிகளும் நாற்பது சதவீதமே நிரம்பினால், 600 இருக்கைகள் காலி. சராசரி டிக்கெட் 120 ரூபாய் என்றால், ஒரு நாளில் 72,000 ரூபாய் வராமல் போகிறது. கேன்டீன் வருமானம் தனி. அதே நேரத்தில் முதல் படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப்போவதை அவர் கவுண்டரில் நின்று பார்க்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் முதல் வசூலைப் பொறுத்துக் காட்சிகளை மாற்றலாம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தால், இந்த நிலையே வந்திருக்காது. இந்த வரியைக் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம், ஏனென்றால் அடுத்த பெரிய படமும் அதே விநியோகஸ்தரிடமிருந்தே வர வேண்டியிருக்கிறது.

படத்துக்காக அரங்கு உரிமையாளர் விநியோகஸ்தரிடம் கொடுத்த பணம் அட்வான்ஸா, மினிமம் கேரண்டியா என்பதைத் தெளிவாக எழுதாமல் விடுவது இன்னொரு தவறு. அட்வான்ஸ் என்றால், வசூலில் விநியோகஸ்தருக்குச் சேர வேண்டிய பங்குத் தொகை அதை எட்டாதபோது மீதியை அவர் திருப்பித் தர வேண்டும். மினிமம் கேரண்டி என்றால் அந்த நட்டம் அரங்கு உரிமையாளருடையது. தனியாக வந்தால் எளிதாக எடுத்துவிடக்கூடிய தொகையை, காட்சிகள் பாதியாகும் பண்டிகை வாரத்திலும் அப்படியே மினிமம் கேரண்டியாக ஏற்பவர், படம் நன்றாக ஓடியும் கையிலிருந்து கொடுக்க நேரிடும்.