பெரியம்மாவின் கை போகும் இடம்

பெரியம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், கைவிரல்களிலும் வீக்கம். தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். முதல் தடவை விழுந்ததும் பிள்ளைகள் நாங்கள் ஒரு பட்டியல் போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் வாங்கி மாட்டிவிட்டுக் கிளம்பினோம். நான்கு மாதத்தில் மறுபடி விழுந்தார், அதுவும் நாங்கள் மாட்டிய கைப்பிடியோடு சேர்த்து.

பொருட்களை வாங்கினோமே தவிர, ராத்திரியில் அவர் கட்டிலிலிருந்து கழிவறைக்கு எப்படிப் போய்வருகிறார் என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை விழுந்த பிறகுதான் நடந்து காட்டச் சொன்னோம். வலது கை முதலில் நிலைக்கதவுச் சட்டத்துக்குப் போனது, அப்புறம் துண்டு போடும் கம்பிக்கு, கடைசியில் வாஷ்பேசின் விளிம்புக்கு. சட்டத்தில் கைபட்டுக் கறுத்துப்போன ஒரு திட்டு முன்பே இருந்திருக்கிறது. கைப்பிடி எங்கே வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. நாங்களோ பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தோம்.

மாட்டிய கைப்பிடியும் ரப்பர் உறிஞ்சியால் டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும் வகை. துளை போட வேண்டாம் என்ற சோம்பல்தான் காரணம். அது ஒட்டிய அன்று பிடிக்கும். நாளாக ஆக ரப்பர் ஓரத்தில் காற்றும் சோப்புத் தண்ணீரும் புகுந்து பிடி தளரும். தளர்ந்தது வெளியே தெரியாது, முழு உடல் எடையும் விழும்போதுதான் கழன்று வரும். துண்டுக் கம்பியும் எடை தாங்குவதற்குச் செய்ததல்ல. டைல்ஸைத் தாண்டிச் செங்கல் சுவருக்குள் ஆங்கர் போல்ட் இறங்கிய ஸ்டீல் கைப்பிடிதான் சரி. துளை போடும் முன் டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள், ‘டொக்’ என்று வெற்றொலி வந்தால் பின்னால் பூச்சு பிடிக்கவில்லை என்று அர்த்தம். மாட்டியபின் வீட்டில் கனமான ஆள் முதலில் இழுத்துப் பார்க்கட்டும்.

விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஒல்லியான, வழவழப்பான கம்பியை அவர்களால் இறுக்க முடியாது. 32 முதல் 38 மில்லிமீட்டர் வரை தடிமனும் சொரசொரப்பும் இருந்தால் கை நிற்கும். காலையில் விரல் மடங்காத நேரத்துக்காகக் கழிவறை இருக்கை பக்கத்தில் ஒரு கம்பியைப் படுக்கைவாட்டில் வைத்தோம். அதில் முன்கையை ஊன்றியே எழுந்துவிடுகிறார். இருக்கை தாழ்வாக இருந்தால் கம்பி இருந்தும் முழங்கால் எழுப்பாது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. போனால் மேலே பொருத்தும் உயர இருக்கை வாங்கலாம், ஆட்டம் இல்லாமல் திருகி மாட்டுவதாக.

பட்டியலில் யாருமே எழுதாத ஒன்று தைலம். படுக்கும் முன் முழங்காலில் தடவிய எண்ணெய் வழிந்து உள்ளங்காலுக்கு வந்துவிடுகிறது. அந்தக் காலோடு ராத்திரி டைல்ஸ் தரையில் இறங்கினால், தரை எவ்வளவு காய்ந்திருந்தாலும் வழுக்கும். தைலத்தைச் சாயங்காலம் தேய்த்து, தூங்கப் போகுமுன் காலைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிட வேண்டும். வழியில் கிடந்த பழைய புடவையில் தைத்த மிதியடியையும் அன்றே எடுத்துவிட்டோம். அவருக்குக் கோபம்தான்.

எழுந்த வேகத்தில் நடப்பதும் தவறு. படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழலாம். அடிக்கடி சுற்றினால் மருத்துவரிடம் உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

கடைசியாகக் கதவு. பெரும்பாலான குளியலறைக் கதவு உள்பக்கம்தான் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால், வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. பெரியம்மா அன்று தாழ்ப்பாளும் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஜன்னல் வழியே குரல் கொடுத்து, ஆசாரியைக் கூப்பிட்டுத் திறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முழங்கால் மடங்காததால் தரையில் மண்டியிட்டு எழ அவரால் முடியவில்லை, போன் கட்டிலில் இருந்தது. இப்போது கீலை மாற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறோம். தனியாக இருப்பவருக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று அதையும் கழற்றிவிட்டோம். வீட்டுச் சாவி ஒன்று அக்காவிடம் இருக்கிறது. பட்டன் போன் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறார், 1-ஐ அழுத்திப் பிடித்தால் அக்காவுக்குப் போகும். குளிக்கும்போது பையைச் சுவரில் முழங்கால் உயரத்து ஆணியில், தண்ணீர் தெறிக்காத மூலையில் மாட்டுகிறார். தரையில் கிடந்தபடியே எட்டுகிறதா என்று நான் படுத்துப் பார்த்துத்தான் அந்த ஆணியை அடித்தேன்.