கையிலிருக்கும் பிட்காயினுக்கு மாத வாடகை: கவர்ட் கால் விற்பது எப்படி, அதில் எதை விட்டுக்கொடுக்கிறோம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் தம்பி ஒருநாள் மாலை வந்து, "அண்ணா, காயினை விற்காமலேயே மாதம் இரண்டு சதவீதம் எடுக்கலாமாமே, உண்மையா?" என்று கேட்டார். உண்மைதான். நானே எடுத்திருக்கிறேன். நான்கு மாதம் எடுத்ததை ஐந்தாம் மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேலாகத் திருப்பியும் கொடுத்திருக்கிறேன். அவருக்குச் சொன்னதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் காணிக் கதை. நிலாவெளியில் உங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. இன்றைய விலை 70 இலட்சம். ஒருவர் வந்து, "இந்த மாதக் கடைசி வெள்ளியன்று நான் விரும்பினால் 80 இலட்சத்துக்கு எனக்குத் தர வேண்டும். அந்த உரிமைக்காக இப்போதே 1.4 இலட்சம் தருகிறேன், அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன்" என்கிறார். விலை 80 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் அவர் வரமாட்டார். பணமும் உங்களுக்கு, காணியும் உங்களுக்கு. விலை 97 இலட்சமானால் கட்டாயம் வருவார், நீங்கள் 80 இலட்சத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிய உரிமைதான் கால் ஆப்ஷன். 80 இலட்சம் ஸ்ட்ரைக் விலை, 1.4 இலட்சம் பிரீமியம். காணி உங்கள் கையில் இருக்கும்போது அந்த உரிமையை விற்பதால் அது கவர்ட் கால், அதாவது ஈட்டால் மூடப்பட்ட கால்.

பிட்காயின் ஆப்ஷன்களுக்குப் பெரிய சந்தை டெரிபிட். பிரீமியமும் தீர்ப்பும் காயினிலேயே நடக்கும் அதன் ஒப்பந்தங்களை வைத்தே எழுதுகிறேன். பதிவதற்கு முன் உங்கள் நாட்டிலிருந்து கணக்குத் திறக்க இடமிருக்கிறதா என்று தளத்தின் விதிகளில் பாருங்கள். இலங்கையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: டெபிட், கிரெடிட் அட்டைகளால் மெய்நிகர் நாணயங்களுக்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. அத்தகைய நாணயங்களுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. என்னிடம் இருந்த 0.3 பிட்காயின் வெளிநாட்டு வேலைகளுக்குக் கூலியாக வந்தது.

படி 1: எதை அடகு வைக்கிறீர்கள் என்று பிரியுங்கள்

விற்ற காலுக்கு ஈடாக நிற்கும் காயின் சந்தையின் கணக்கிலேயே இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் ஹார்டுவேர் வாலட்டில் இருக்கும் காயின் எந்தக் காலையும் மூடாது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை விழுந்தபோது அங்கே காயின் வைத்திருந்தவர்கள் திரும்ப எடுக்க முடியாமல் நின்றதை நினைத்துக்கொண்டு இந்த முடிவை எடுங்கள். நான் 0.1 மட்டும் அனுப்பினேன், 0.2 அலமாரியிலேயே இருந்தது. டெரிபிட்டில் பிட்காயின் ஆப்ஷனின் மிகச் சிறிய அளவும் 0.1தான்.

படி 2: நாளும் ஸ்ட்ரைக்கும்

மாத ஒப்பந்தங்கள் மாதத்தின் கடைசி வெள்ளியன்று உலக நேரம் 08:00 மணிக்கு, அதாவது நம் நேரம் பிற்பகல் 1:30க்கு முடியும். வார ஒப்பந்தங்களும் உண்டு. தொடங்குபவர்கள் மாதத்தோடு நில்லுங்கள், வாரந்தோறும் முடிவெடுக்கும் பதற்றம் வேண்டாம். ஒப்பந்தத்தின் பெயர் திரையில் இப்படி இருக்கும்:

```
BTC-29NOV24-80000-C
```

2024 நவம்பர் 29இல் முடியும், 80,000 டாலர் ஸ்ட்ரைக் கொண்ட கால் என்று இதை வாசிக்க வேண்டும்.

ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுக்க டெல்டா என்ற பத்தியைப் பாருங்கள். 0.20 என்றிருந்தால், முடிவு நாளில் விலை அந்த ஸ்ட்ரைக்கைத் தாண்ட ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகிறது என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரைக் இன்றைய விலைக்கு நெருங்க நெருங்கப் பிரீமியமும் கூடும், டெல்டாவும் கூடும். 0.15க்கும் 0.20க்கும் இடையில் நிற்பது என் வழக்கம். ஐந்தில் ஒன்று என்றால் சிறிய வாய்ப்பு என்று தோன்றும். மாதம் ஒன்றாக விற்பவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு முறை அது நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

வழக்கத்தைவிடப் பிரீமியம் கொழுத்திருந்தால் காரணம் தேடுங்கள். 2024 நவம்பர் தொடக்கத்தில் கொழுத்திருந்தது. நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்க அதிபர் தேர்தல் அந்த மாதத்துக்குள் விழுந்ததால், பெரிய நகர்வை எதிர்பார்த்துத்தான் வாங்குபவர்கள் அவ்வளவு தந்தார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அதை அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டேன்.

படி 3: விற்பது

வாங்குபவர் தரும் பிட் விலைக்கும் விற்பவர் கேட்கும் ஆஸ்க் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். கிடைத்த விலைக்கு உடனே விற்கும் மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள். நடு விலையில் லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள். அளவு என்ற கட்டத்தில் 0.1 என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். 0.1 காயினை வைத்துக்கொண்டு 0.2 அளவுக்கு விற்கவும் தளம் இடம் தரலாம். அப்படி விற்றால் பாதி மூடப்படாத கால். விலை எகிறினால் கணக்கே கரைந்துபோகும்.

ஒன்றுக்கு ஒன்றாக விற்றிருந்தால் கணக்கு முற்றாக அழியாது. காரணம் தீர்க்கும் சூத்திரத்தில் இருக்கிறது. டாலரில் கணக்கிட்டுக் காயினில் தீர்ப்பார்கள்:

```
(S - K) / S * அளவு
```

S முடிவு விலை, K ஸ்ட்ரைக். S எவ்வளவு உயர்ந்தாலும் இந்தப் பின்னம் ஒன்றைத் தொடாது. பத்து இலட்சம் டாலரானாலும் 80,000 ஸ்ட்ரைக்குக்கு 0.92தான். காயினில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போய்விடும், ஆனால் மீதியின் டாலர் மதிப்பு ஸ்ட்ரைக் விலையில் நிற்கும்.

படி 4: காத்திருப்பது

இவை ஐரோப்பிய வகை ஆப்ஷன்கள், முடிவு நாளுக்கு முன் யாரும் உரிமையைப் பயன்படுத்த முடியாது. இடையில் திரையில் சிவப்பாகத் தெரியும் நட்டம் அன்றைய திருப்பி வாங்கும் விலை மட்டுமே. முடிவு நாளில் கடைசி அரை மணி நேர விலைக் குறியீட்டின் சராசரியை எடுத்துத் தீர்ப்பார்கள், உங்கள் பக்கம் செய்ய எதுவும் இல்லை.

இனி என் நவம்பர். கட்டணத்தை ஒதுக்கி, எண்களை முழுமையாக்கி எழுதுகிறேன். ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதங்களில் மொத்தம் 0.0065 காயின் பிரீமியமாக வந்தது. அதை மாற்றிக் குடும்பச் செலவுக்கு எடுத்துக்கொண்டேன். நவம்பர் 1ஆம் தேதி விலை 70,000 அருகே. மேலே சொன்ன 80,000 காலை 0.1 அளவில் விற்றேன். பிரீமியம் காயினுக்கு 0.02 வீதம் 0.002, அன்றைய விலையில் 140 டாலர்.

நவம்பர் 10ஆம் தேதியே விலை 80,000ஐத் தாண்டியது. மூன்று நாளில் 93,000ஐத் தொட்டது. 88,000 அருகே இருந்தபோது திருப்பி வாங்கலாமா என்று பார்த்தேன், கேட்ட விலை சுமார் 0.01 காயின். வாங்கிய பிரீமியத்தின் ஐந்து மடங்கு. மனம் வரவில்லை. கடைசி வாரத்தில், பிற்பாடு ஃபெங்கல் எனப் பெயரிடப்பட்ட தாழமுக்கம் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்து ஊரே வெள்ளக்காடானது. மின்சாரம் வந்து வந்து போனது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கைபேசியில் பார்த்தபோது விலை 97,000 அருகே தீர்ந்திருந்தது.

```
(97000 - 80000) / 97000 * 0.1 = 0.0175
```

0.0175 போனது, 0.002 வந்தது. நிகரமாக 0.0155 குறைந்து, 0.1 காயின் 0.0845 ஆனது. அன்றைய மதிப்பு சுமார் 8,200 டாலர். எதுவும் செய்யாமல் வைத்திருந்தால் 9,700. 140 டாலர் வாங்கிக்கொண்டு 1,500 டாலரை விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

எந்த விலைக்கு மேல் சும்மா வைத்திருப்பது மேல் என்பதை விற்கும் முன்பே கணக்கிடலாம். ஸ்ட்ரைக்கை, ஒன்றிலிருந்து பிரீமியத்தைக் கழித்த எண்ணால் வகுங்கள். 80,000ஐ 0.98ஆல் வகுத்தால் சுமார் 81,630. அதற்கு மேலே போகும் ஒவ்வொரு டாலரும் வாங்கியவருக்குத்தான். இந்த எண்ணைப் பார்த்து, "அந்த விலையில் விற்க எனக்குச் சம்மதம்" என்று சொல்ல முடிந்தால் விற்கலாம். எனக்குச் சம்மதம் இருந்ததில்லை. பிள்ளைகளுக்கென்று வைத்த காயின் அது. நான் விற்றது மனமில்லாத காணி.

சிலர், திருப்பி வாங்கி அடுத்த மாதத்துக்கு இன்னும் உயர்ந்த ஸ்ட்ரைக்கில் விற்றால் நட்டத்தைத் தள்ளிவிடலாம் என்பார்கள். இதை ரோல் செய்வது என்கிறார்கள். தள்ளலாம், ஆனால் திருப்பி வாங்கக் கொடுத்த காயின் அன்றே போய்விட்டது. புதிய பிரீமியம் அதில் ஒரு பகுதியைத்தான் நிரப்பும். ஸ்ட்ரைக்கை எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவு குறைவாக நிரப்பும்.

விலை இறங்கினால் என்ன என்று தம்பி கேட்டார். 70,000 இலிருந்து 60,000க்கு இறங்கினால் 0.1 காயினில் 1,000 டாலர் நட்டம், 0.002 காயின் பிரீமியம் அதில் 120 டாலரை ஈடுகட்டும். அவ்வளவுதான் பாதுகாப்பு. அடுத்த மாதம் பழைய ஸ்ட்ரைக்கில் பிரீமியம் அற்பமாக இருக்கும். அதே வருமானம் வேண்டுமென்று 66,000 ஸ்ட்ரைக்குக்கு இறங்கி வருவீர்கள், விலை மீண்டு 75,000 ஆகும். இறக்கம் முழுவதும் உங்களுக்கு, ஏற்றத்தில் பாதிக்கு மேல் இன்னொருவருக்கு. ஒரு மாதம் விற்காமல் இருப்பதும் ஒரு படிதான். ஸ்ட்ரைக் உங்கள் சம்மத விலைக்குக் கீழே இறங்கும் மாதங்களில் நான் விற்பதில்லை.

டிசம்பரில் மறுபடி விற்க உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. கணக்கில் 0.0845 இருந்தது, மிகச் சிறிய ஒப்பந்தம் 0.1. அப்படியே விற்றால் மூடப்படாத துண்டு ஒன்று நிற்கும். அலமாரியைத் திறந்து ஹார்டுவேர் வாலட்டிலிருந்து 0.0155 எடுத்து அனுப்பினால்தான் பழைய இடத்துக்கே வர முடியும். அந்த மாதம் நான் அனுப்பவில்லை.