அச்சாரம் எது, அட்வான்ஸ் எது? கிரய ஒப்பந்தத்தில் பணம் போகும் இடங்கள்

காட்பாடி பக்கம் ஒரு வீட்டுமனை. விலை 42 லட்சம். ஜனவரி 10-ம் தேதி அக்ரிமென்ட் எழுதிப் பதிவு செய்தார்கள். அன்றைக்கு 4 லட்சம் கைமாறியது. மீதியைக் கொடுத்துக் கிரயம் முடிக்க நான்கு மாதக் கெடு. மார்ச்சில் விற்பவர் வீட்டில் கல்யாணம். “கொஞ்சம் கொடுங்க சார், கணக்குல கழிச்சிக்கலாம்” என்று கேட்டு இன்னும் 8 லட்சம் வாங்கிக்கொண்டார். ஒப்பந்தத்தின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மே 10 வந்தது, கிரயம் நடக்கவில்லை. ஜூனில் வாங்குபவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. “கெடு முடிந்துவிட்டது. ஒப்பந்தப்படி நீங்கள் கொடுத்த 12 லட்சமும் பறிமுதல்.” அந்த நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு சத்துவாச்சாரியில் கோர்ட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இருவரில் யார் ஏமாற்றுக்காரர் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. இரண்டு பேரும் சாதாரணமான, நல்ல மனிதர்கள். சிக்கல் காகிதத்தில் இருந்தது.

நம் ஊர்ப் பேச்சில் எல்லாமே அட்வான்ஸ்தான். பழைய தமிழ் இதைவிடக் கறாரானது. பேரம் படிந்ததற்கு அடையாளமாக, ‘பின்வாங்கினால் இது போகட்டும்’ என்று கொடுப்பது அச்சாரம். விலையில் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்தால் அது முன்பணம். கிரயம் நல்லபடியாக முடிந்தால் இரண்டும் விலையில் கழிந்துவிடும், வித்தியாசமே தெரியாது. கிரயம் முறிந்தால்தான் தெரியும். வாங்குபவர் தவறினால் நியாயமான அளவு அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். முன்பணத்தை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. தனக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று காட்டினால், அந்த நஷ்டத்துக்கு ஈடான நியாயமான தொகை மட்டுமே கிடைக்கும். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்வது இதைத்தான்: ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே, தானாகக் கைக்கு வந்துவிடும் தொகை அல்ல.

இதற்கு இன்றைக்கும் எல்லா வக்கீலும் எடுத்துப் போடும் தீர்ப்பு, உச்ச நீதிமன்றம் 1963-ல் சொன்ன ஃபதே சந்த் வழக்கு. 1949-ல் டெல்லியில் ஒரு பங்களா 1,12,500 ரூபாய்க்குப் பேசப்பட்டது. அச்சாரம் 1,000 ரூபாய். பிறகு விலையில் ஒரு பகுதியாக 24,000 ரூபாய். வாங்குபவர் தவறிவிட்டார், விற்பவர் 25,000-மும் தனக்கே என்றார். நீதிமன்றம் 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளச் சொன்னது. 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய விடவில்லை. நம் காட்பாடி மனைக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். ஜனவரியில் கொடுத்த 4 லட்சம், அச்சாரம் என்று சொல்லத்தக்க அளவில் இருக்கிறது. மார்ச்சில் கல்யாணச் செலவுக்கு வாங்கிய 8 லட்சம் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் விலையின் ஒரு பகுதிதான்.

இந்தத் தீர்ப்பு இருக்கிறதே என்று வாங்குபவர் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. பத்திர எழுத்தரிடம் எப்போதும் ஒரு மாதிரி வாசகம் தயாராக இருக்கும்: “மேற்படி கெடுவுக்குள் மீதத் தொகையைச் செலுத்தத் தவறினால் முன்பணம் முழுவதையும் இழந்துவிட வேண்டியது.” யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி இது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன கே.ஆர்.சுரேஷ் வழக்கில் விலை 55.5 லட்சம், முன்பணம் 20 லட்சம். ஒப்பந்தத்தில் அதை அட்வான்ஸ் என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் தவறினால் பறிமுதல் என்ற வாசகமும் கூடவே இருந்தது. அதன் தன்மை அச்சாரம்தான் என்று எடுத்துக்கொண்டு, 20 லட்சத்தை விற்பவர் வைத்துக்கொண்டதில் நீதிமன்றம் குறுக்கிடவில்லை. விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. ‘பத்து சதவீதத்துக்கு மேல் பறிமுதல் செய்ய முடியாது’ என்று டீக்கடை முதல் ரியல் எஸ்டேட் அலுவலகம் வரை சொல்கிறார்கள். அப்படி ஒரு எண் ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை. நீதிமன்றங்கள் நியாயத்தை அளக்கும்போது அந்த எண் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

எழுதும்போதே பிரித்து எழுதிவிடுவது நல்லது. ‘இதில் ரூ.2 லட்சம் அச்சாரம், மீதி ரூ.2 லட்சம் விலையின் ஒரு பகுதி, இனி செலுத்தும் எந்தத் தொகையும் விலையின் ஒரு பகுதியே’ என்று ஒரு வாக்கியம் போதும். பின்பக்கம் வரவு எழுதும்போதும் ‘கிரயத் தொகையில் ஒரு பகுதியாக’ என்று எழுதச் சொல்லுங்கள். நம்மவர் கையில் இருந்த ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் வெறும் “ரூ.8,00,000 பற்று” என்றுதான் இருந்தது.

இனி முக்கியமான கேள்வி. கிரயம் ஏன் நின்றது? பறிமுதல் வாசகம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், தவறியது வாங்குபவராக இருந்தால்தான் அது வேலை செய்யும். விற்பவரால் கிரயம் செய்து தர முடியாத நிலை இருந்திருந்தால், அச்சாரம் உட்பட முழுப் பணமும் திரும்ப வர வேண்டும்.

“லோன் கிடைக்கல சார்” என்றார் நம்மவர். வீட்டில் பேசும்போதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், விற்பவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இதைவிட ஆபத்தான வாக்கியம் இல்லை. லோன் கிடைக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சம்பளம் போதவில்லை, சிபில் மதிப்பெண் குறைவு என்றால் அது வாங்குபவர் பாடு. பணம் புரட்ட வேண்டியது அவர் பொறுப்பு, அச்சாரம் போனது போனதுதான். பத்திரத்தில் குறை என்று வங்கி மறுத்திருந்தால் கதை தலைகீழ்.

வங்கியின் வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பீனியனை வாங்கி வரச் சொன்னோம். மனை, விற்பவரின் அப்பா பெயரில் வாங்கியது. அப்பா உயில் எழுதாமல் காலமானார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். அம்மாவும் மூத்த மகளும் மகனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் இளைய மகள் எழுதவில்லை. பட்டா மகன் பெயருக்கு மாறிவிட்டதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றியது. நாலில் ஒரு பங்கு இன்னும் தங்கையிடம் இருக்கிறது என்பதை வங்கி மட்டும் கவனித்தது. “தங்கச்சி வந்து போட்டுடுவா சார், நாலு நாள் வேலை” என்று ஏப்ரலில் சொன்னவர், மே 10 வரை அந்தக் கையெழுத்தை வாங்கவில்லை. முழு மனையையும் எழுதித் தர முடியாதவர், கெடுவைக் காட்டிப் பணத்தைப் பறிக்க முடியாது.

இங்கே விற்பவர் தரப்பு ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும்: “பத்திரங்களைப் பார்வையிட்டுத் திருப்தி அடைந்து இந்த ஒப்பந்தம் செய்துகொள்கிறோம்.” நீங்களே பார்த்து ஒப்புக்கொண்டீர்களே என்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, ‘வங்கியோ வாங்குபவரின் வக்கீலோ உரிமையில் குறை கண்டால், அதைச் சரிசெய்யும் வரை கெடு ஓடாது, சரிசெய்ய முடியாவிட்டால் பெற்ற தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதுவதுதான் முறை. கடன் நம்பி வாங்குபவர், எந்தக் காரணத்தால் கடன் மறுக்கப்பட்டாலும் பணம் திரும்ப வேண்டும் என்று கேட்கலாம். விற்பவர் ஒப்புக்கொள்வது அபூர்வம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

நம்மவர் செய்த பெரிய தவறு மே மாதம் முழுக்கச் சும்மா இருந்தது. தங்கை கையெழுத்து வரட்டும் என்று காத்திருந்தார். கெடு முடிவதற்கு முன்பே பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் போயிருக்க வேண்டும்: மீதி 30 லட்சத்துக்கு நான் தயார், இன்ன குறை இருக்கிறது, சரிசெய்து நாள் சொல்லுங்கள். கூடவே கையிருப்பைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரமும், கடன் கடிதமும். நல்ல வேளையாக, ஏப்ரலில் தங்கையைப் பற்றி விற்பவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அவர் அழிக்கவில்லை.

விற்பவர் பக்கமும் தவறுகள் உண்டு. கோபத்தில் பறிமுதல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அடுத்த மாதமே அதிக விலைக்கு வேறொருவரிடம் பேசுவது அதில் முதன்மையானது. 2015-ல் கைலாஷ்நாத் வழக்கில் டெல்லி வளர்ச்சி ஆணையம் இப்படித்தான் மாட்டியது. 1982 ஏலத்தில் 3.12 கோடிக்கு எடுத்தவரின் 78 லட்சத்தைப் பறிமுதல் செய்த ஆணையம், பின்னால் அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. நஷ்டமே இல்லாதபோது எதற்குப் பறிமுதல் என்று கேட்டு, 78 லட்சத்தைத் திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

இன்னொன்று ரொக்கம். மனை, வீடு விற்பனைக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் தலையில் விழலாம். நம் 12 லட்சம் முழுவதும் கணக்கு வழியாகப் போயிருந்தது. இல்லாவிட்டால் அந்த 8 லட்சத்தை நிரூபிக்கவே தனியாக ஒரு வழக்கு நடந்திருக்கும்.

வழக்கு என்று போனால் பலர் வழுக்கும் இடம் மனுவின் கடைசிப் பக்கம். கிரயம் செய்து தர உத்தரவிடுங்கள் என்று மட்டும் கேட்பார்கள். அது கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தர உத்தரவிடுங்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும். குறித்த காரியப் பரிகாரச் சட்டத்தின் 22-வது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. கேட்காததைக் கொடுக்க முடியாது. மேலே சொன்ன 20 லட்சம் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். விட்டுப்போனால் வழக்கு நடக்கும்போதே மனுவைத் திருத்திச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. கெடு தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

நம் காட்பாடி மனை கோர்ட் வரை போகவில்லை. லீகல் ஒப்பீனியன் நகலோடு பதில் நோட்டீஸ் அனுப்பினோம். இரண்டு மாதம் விற்பவரிடமிருந்து சத்தமில்லை. பிறகு அவருக்கு வேறொரு ஆள் கிடைத்தார். அந்த ஆள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோது நம்முடைய ஒப்பந்தம் பதிவில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை எடுக்க நம்மவர் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 12 லட்சத்துக்கான டிடியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் பேனாவைத் திறந்தார். வட்டி கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம்தானே என்றார்.