ஸ்லைடு மேற்கோள்களை வாசிப்புப் பட்டியலாக்க

பாட ஸ்லைடுகளிலிருந்து மேற்கோள்களைத் திரட்டும்போது அவை வந்த ஸ்லைடின் எண்ணையும் குறித்துக்கொண்டு, பட்டியலை அகரவரிசையில் அல்லாமல் பாடம் நடந்த வரிசையில் அமையுங்கள். எந்தப் பகுதியை எந்தக் கேள்விக்காகப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள்.

ஆசிரியர் அந்த நூலை ஏன் சுட்டினார் என்பது ஸ்லைடில்தான் இருக்கிறது. கடைசி ஸ்லைடின் பட்டியலில் அது தொலைந்துவிடுகிறது. தரவுத்தளப் பாடத்தில் இயல்பாக்கம் பற்றிய ஸ்லைடின் அடியில் ‘காட், 1970’ என்று மட்டும் இருந்தால், 11 பக்கமுள்ள அந்தக் கட்டுரையை மாணவர் முதல் பக்கத்திலேயே மூடிவிடக்கூடும். ‘இயல்பு வடிவம் எதற்கு என்பதற்குப் பிரிவு 1.4 போதும், உறவுமுறை என்ற கருத்து புதிதென்றால் முதலில் 1.3’ என்று எழுதினால் படிப்பார்.

திரட்டுவதற்குப் பவர்பாயின்டின் அவுட்லைன் பார்வையை நம்ப வேண்டாம். தனி உரைப்பெட்டியில் இட்ட அடிக்குறிப்புகள் அதில் தெரிவதில்லை, மேற்கோள்களோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நோட்ஸ் பக்கங்களாகப் பிடிஎஃப் ஆக்கி, `http`, `doi`, `et al` ஆகியவற்றையும், ஆண்டுகள் தொடங்கும் `19`, `20` ஆகியவற்றையும் தேடுங்கள்.

மேற்கோள்கள் படமாக ஒட்டப்பட்டிருந்தால் இந்தத் தேடல் பயன்படாது; கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலுக்கும் இந்த வரிசை பொருந்தாது. அங்கே துறை விதித்த முறையே செல்லும்.